முதல் வாரத்தில் யாரைக் கேட்பது

"அந்த வரிய மட்டும் எடுத்துடும்மா."

"எந்த வரி சார்?"

"அதான்… வெல்கம் மெயில் கடைசில போட்டுக்கிற இல்ல? முதல் வாரத்துல எந்த சந்தேகம்னாலும் இவங்கள கேளுங்கன்னு. அது."

"அது என் பேரு சார்."

"பேருதான். பேர எடுத்துடு. நம்பரும்."

இதைச் சொல்லும்போது வேதாச்சலம் திரையைப் பார்க்கவில்லை. தயிர்சாத டப்பாவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேணிகுண்டா பக்கம் செல்போன் சார்ஜர் செய்யும் அந்தக் கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்கு அவர்தான் மேனேஜர். கெட்ட செய்தி எதையும் சாப்பாட்டு நேரத்தில் சொல்வதுதான் அவர் வழக்கம். எதிராளி கேள்வி கேட்டால் வாயில் ஒரு கவளம் இருக்கும், மென்று முடிப்பதற்குள் பதில் ஒன்று அகப்படும்.

"அப்ப யார் பேரப் போடறது சார்?" என்றாள் தரணி.

"பெங்களூர் ஹெல்ப்டெஸ்க் நம்பரப் போடு."

"அத யாரும் எடுக்க மாட்டாங்க சார்."

"எடுக்காட்டி இன்னா? மெயில்ல நம்பர்னு ஒண்ணு இருக்கணும், அவ்ளோதான்."

"திங்கக்கிழம புதுசா சேர்றவர ரிசீவ் பண்றது நான்தானே சார்?"

வேதாச்சலம் இன்னொரு கவளம் எடுத்தார். அது கொஞ்சம் பெரிய கவளம்.

"ஏஜென்சில இருந்து உனக்கு லெட்டர் வரலியா?"

"இன்னா லெட்டர்?"

"அய்யய்யோ. அவங்க சொல்லியிருக்கணும்மா. அது நான் சொல்ற விஷயமே இல்ல." சொல்லும் விஷயம் இல்லை என்றபின் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை முப்பத்தொன்றாம் தேதி. அன்றோடு அவள் கான்ட்ராக்ட் முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை. அந்த வேலையைப் பர்மனென்ட் ஆக்கிவிட்டார்கள். பர்மனென்ட் என்றால் எம்.பி.ஏ. வேண்டுமாம். தரணி பி.காம்.

"பூவராகவன எனக்கு உதவிக்கு எடுக்கறோம்னு சொன்னீங்களே சார்?"

"நானும் அப்படித்தாம்மா நெனச்சிக்கினு இருந்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வருத்தம். மேலிடத்தில் என்ன நடக்கிறது என்று அவருக்கும் மெயிலில்தான் தெரியும், அந்த மெயிலையும் தரணிதான் படித்துச் சொல்வாள்.

இரண்டு வருடமாக அவள் கழுத்தில் பச்சை நாடா. ஏஜென்சி ஆட்களுக்குப் பச்சை, கம்பெனி ஆட்களுக்கு நீலம். நகரியில் அவளுடைய நைனா பவர்லூம் ஷெட்டில் எல்லோரிடமும், "எம் பொண்ணுக்கு இந்த மாசம் நீல நாடா" என்று சொல்லி வைத்திருந்தார். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னதால் பக்கத்து ஷெட்டுக்கும் தெரியும். பூவராகவனை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டவள் தரணி. அவன் நடுங்கியபோது காபி கொடுத்ததும், சர்டிபிகேட்டுகளை வரிசையாக அடுக்கிக் கொடுத்ததும் அவள்தான். தன் நாற்காலியைத் துடைத்து வைத்ததும் அவள்தான் என்று இப்போது தெரிந்தது.

"மெயில இன்னிக்கே அனுப்பிடும்மா," என்றார் வேதாச்சலம், டப்பாவை மூடிக்கொண்டே. "நல்லா எழுது. நீ எழுதினாத்தான் நல்லா இருக்கும்."

வரவேற்பு மெயிலுக்கு பெங்களூரில் ஒரு மாதிரி வடிவம் உண்டு. எங்கே எத்தனை மணிக்கு வரவேண்டும், என்ன கொண்டுவர வேண்டும், யார் யாரைப் பார்க்க வேண்டும், முதல் வாரத்தில் என்ன நடக்கும் என்று அழகான தலைப்புகள். அதில் எழுதியிருப்பது ஒவ்வொன்றும் ஏதோ ஒரு ஊரில் உண்மையாக இருக்கலாம். லேப்டாப் உங்கள் மேஜையில் தயாராக இருக்கும் என்றது அது. ஆவணங்களை ஏற்றினால்தான் ஊழியர் எண் வரும், எண் வந்தால்தான் லேப்டாப் கேட்க முடியும். புதன்கிழமைக்கு முன்னால் அது வந்ததே இல்லை. காலை எட்டரைக்கு வரவும் என்றது. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். புது வேலைக்கு வருகிறவர்கள் எட்டரைக்கே வந்துவிடுவார்கள், ஆனால் கேட்டுக்குள் கால் வைக்காமல் எதிர் டீக்கடையில் நின்று ஒன்பது ஐந்துக்கு நுழைவார்கள். கேட்டில் இருக்கும் ரங்கையா அத்தனை பேரையும் 'தாமதம்' என்று எழுதி வைப்பார்.

ஆகவே தரணி ஒன்பது பத்துக்கு வரவும் என்று மாற்றி எழுதுவாள். முதல் இரண்டு நாளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவரவும் என்பாள். சித்தூர் கம்பெனி பஸ் காந்தி சிலையிலிருந்து ஆறு நாற்பதுக்கு என்று போட்டிருந்தாலும் ஆறு முப்பத்தைந்துக்கே கிளம்பிவிடும் என்பாள். ஆதாரில் அப்பாவின் இனிஷியலும் மார்க் ஷீட்டில் தெலுங்கு வழக்கப்படி வீட்டுப் பெயரும் இருந்தால் பி.எஃப். பதிவு திரும்பி வரும், இப்போதே சொல்லுங்கள் என்பாள். அப்புறம் அந்த மொட்டை வரி.

வேலை கிடைத்தால் திருப்பதி மலைக்கு வந்து முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொள்ளாத வீடு அந்தப் பக்கம் குறைவு. கம்பெனியிலோ முதல் நாளே முகத்தைப் பதிவுசெய்து, அந்த முகத்தைக் காட்டித்தான் தினமும் வருகை போட வேண்டும். போன வருடம் ஒருவன் தலைநிறைய முடியும் தாடியுமாகச் சேர்ந்தான். அந்த ஞாயிறு மலையேறினான். திங்கட்கிழமை மெஷின் அவனை யாரென்று கேட்டது. பெங்களூர் அனுமதி கொடுத்து மறுபடி பதிவுசெய்ய நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் அவன் வேலை செய்தான், கணக்குப்படி வரவில்லை. அதிலிருந்து தரணி ஒரு வரி சேர்த்தாள்: முடி காணிக்கை வேண்டுதல் இருந்தால் சேருவதற்கு முன்பே முடித்துவிடவும். பெங்களூரில் பிரீத்தி மேடம் அதை மூன்று முறை நீக்கினார். தொழில்முறையாக இல்லையாம்.

அன்றே, அந்தப் புதன்கிழமை மத்தியானமே, தரணி அந்த மாதிரி வடிவத்தைத் திறந்து, பெயரையும் தேதியையும் மட்டும் நிரப்பினாள். ஒரு வரி சேர்க்கவில்லை. எட்டரைக்கே வரட்டும். ஆறு நாற்பதுக்கு சிலைக்கடியில் நின்று பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்க்கட்டும். ஹெல்ப்டெஸ்கில் இசை கேட்கட்டும். இரண்டு நாள் போனால் வேதாச்சலம் கையைப் பிசைவார். 'தரணி இருந்தா…' என்று ஒரு வாக்கியம் அவர் வாயில் வரும். அந்த வாக்கியத்தை அவள் பலமுறை மனதில் கேட்டுப் பார்த்தாள். அது ஏறக்குறைய நீல நிறமாக இருந்தது.

அனுப்பிய பிறகுதான் கவனித்தாள். மெயிலின் அடியில் அவள் பெயரும் செல்போன் எண்ணும் தானாகவே ஒட்டிக்கொண்டு போயிருந்தன. எல்லா மெயிலிலும் அப்படித்தான் போகும்.

அன்று சாயங்காலம் திருச்சானூர் ஷேர் ஆட்டோவில் நான்கு பேருக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"மேடம், பூவராகவன் பேசறேன், சித்தூர்ல இருந்து. ஹெல்ப்டெஸ்க் கூப்புட்டேன், பாட்டு பாடிக்கினே இருக்குது. கீழ உங்க நம்பர் இருந்துச்சு. ஒரே ஒரு டவுட் மேடம், பஸ் கரெக்டா ஆறு நாப்பதா?"

'ஆமாம்' என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் பூக்கூடையை அவள் மடியில் சாய்த்தாள்.

"ஆறரைக்கே நின்னுடுங்க," என்றாள் தரணி. "சிலைக்கு எதிர்ப்பக்கம். சிலைப் பக்கம் நின்னா டிரைவர் நிறுத்த மாட்டாரு."

வியாழக்கிழமை மூன்று முறை கூப்பிட்டான். அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு டவுட்தான், ஒவ்வொரு முறையும். இனிஷியல். லேப்டாப். கான்டீனில் டோக்கன் யாரிடம் வாங்குவது. சொல்லக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் முடிவுசெய்துவிட்டுத்தான் போனை எடுத்தாள். கேள்வி வந்ததும் விடை வாயில் வந்து நின்றது. இரண்டு வருடத்துப் பழக்கம்.

கடைசியாக அவன் கொஞ்சம் தயங்கினான்.

"இது கேக்கலாமான்னு தெரியல மேடம். வீட்ல வேண்டுதல். வேல கெடச்சா எனக்கு மொட்டன்னு எங்கம்மா மஞ்சத்துணில காசு முடிஞ்சி வெச்சிக்கினு இருக்காங்க. இந்த ஞாயிறு மலைக்குப் போலாம்றாங்க. மொத நாளே மொட்டத் தலையோட வந்து நிக்கறது எப்படி மேடம்? அடுத்த ஞாயிறு போவட்டுமா?"

தரணி விரலை மடக்கி எண்ணினாள். நான்கு நாள். அடுத்த ஞாயிறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த நான்கு நாளும் அவள் கையில்.

"ஹலோ மேடம்? இருக்கீங்களா?"

"இருக்கேன். இந்த ஞாயிறே போயிடுங்க. மொத நாள் மூஞ்சிய மெஷின்ல ஏத்துவாங்க. அப்புறம் மொட்ட போட்டா அதுக்கு ஆள் தெரியாது."

"மொட்டயோட ஏத்தினா, முடி வளந்தப்புறம் தெரியுமா மேடம்?"

"முடி மெல்லத்தான வளரும், மெஷின் பழகிக்கும். இருந்தது திடீர்னு இல்லன்னு ஆனாத்தான் அதுக்குக் கொழப்பம்."

"சூப்பர் மேடம்," என்றான் பூவராகவன். பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் போனில் கேட்டது.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு வேதாச்சலம் அவளைக் கூப்பிட்டார். சாப்பாட்டு நேரம் இல்லை, ஆகவே நல்ல செய்திதான்.

"தரணி, இங்க வா, வா. இத பாரு. இன்னும் சேரவே இல்ல, அதுக்குள்ள இன்னா வேல பண்ணிக்கிறான் பாரு!"

பூவராகவன் அவருக்கு மெயில் அனுப்பியிருந்தான், அவளுக்கும் நகல். புதிதாகச் சேருகிறவர்களுக்கான வரவேற்பு மெயில், சில யோசனைகளுடன். இரண்டு பக்கம். ஒன்பது பத்து, நோட்டுப் புத்தகம், சிலைக்கு எதிர்ப்பக்கம், இனிஷியல், எல்லாம் இருந்தது. மொட்டை வரிக்கு 'உள்ளூர்ச் சூழல் சார்ந்த தகவல்' என்று தலைப்பு. எம்.பி.ஏ. படித்தால் இது வரும் போலிருக்கிறது.

"பெங்களூருக்கு அனுப்பினேன். பத்தே நிமிஷம். பிரீத்தி மேடம் 'அருமையான உள்ளூர்ப் புரிதல்'னு பதில் போட்டுக்கிறாங்க. இனிமே எல்லாருக்கும் இதான் மெயிலாம். உனக்கும் நன்றி போட்டுக்கிறாம்மா, கீழ பாரு."

பார்த்தாள். தரணி மேடத்தின் வழிகாட்டலுடன் என்று சிறிய எழுத்தில் இருந்தது. அதற்கு மேலே இன்னொரு வரி இருந்தது: முதல் வாரத்தில் எந்தச் சந்தேகம் என்றாலும் இவரைக் கேளுங்கள். பூவராகவன். எண்ணும் இருந்தது.

"இந்த வரி இருக்கட்டுமா சார்?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும், இருக்கட்டும். அதான் முக்கியமே. புதுசா வர்றவன் யாரக் கேப்பான், சொல்லு?"

சொன்னாள், மனதுக்குள். பிறகு லேப்டாப்பை ஒப்படைத்தாள், சாவியை ஒப்படைத்தாள். நைனா இரண்டு முறை கூப்பிட்டிருந்தார், எடுக்கவில்லை.

கேட்டில் ரங்கையா பச்சை நாடாவை வாங்கிக்கொண்டு, "சீக்கிரம் கெளம்பிட்ட? நாளைக்கு லீவாம்மா?" என்றார். ஆமாம் என்றாள். அவர் நாடாவை டப்பாவில் போட்டுவிட்டு, பழைய நாடா போனால்தான் நீல நாடா வரும் என்று தானாகவே முடிவுசெய்து வாழ்த்துச் சொன்னார்.

மழை லேசாகத் தூறியது. எதிர் டீக்கடையில் ஒதுங்கி நின்றாள். உள்ளே போக ஒன்பது மணி ஆகட்டும் என்று எத்தனையோ பேர் நின்ற இடம். போன் அதிர்ந்தது. பூவராகவன்தான், இம்முறை எழுத்தில்.

"மேடம், நீங்க ரொம்ப ஹெல்ப் பண்ணிட்டீங்க. சும்மா சும்மா உங்களத் தொந்தரவு பண்ணக் கூச்சமா இருக்குது. ஒரே ஒரு டவுட். எனக்கு முன்னாடி அந்த சீட்ல ஒருத்தர் இருந்திருப்பாங்க இல்ல? அவங்க நம்பர் மட்டும் கொஞ்சம் குடுங்களேன்."