எரியும்போது வராத வாசனை

அவளுக்கு வீட்டில் மூக்கி என்று பெயர். மூக்கு பெரிதென்பதற்காக வைத்த பெயரில்லை. பக்கத்து வீட்டில் பால் அடிப்பிடித்தால் அவர்களுக்கு முன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும். பள்ளியில் படித்த காலத்திலேயே அண்ணன் அந்தப் பெயரைச் சூட்டிவிட்டான். அவளும் அதைப் பட்டம் வாங்கியவள் மாதிரி பெருமையாகச் சுமந்துகொண்டு திரிந்தாள். அந்த மூக்கை நம்பித்தான் அண்ணியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு மெழுகுவர்த்தித் தொழிலில் இறங்கினாள்.

தையல் கடைக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. சுவரோரம் மெழுகு உருக்கும் பாத்திரம், தராசு, கண்ணாடி ஜாடிகள், திரிக்கட்டு. எந்த வாசனையோடு எது சேரும் என்று முடிவு செய்வது மூக்கி. சூடு பார்த்து, நிறுத்து, கலக்கி, ஊற்றுவது அண்ணி. அண்ணி ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தவள், எதையும் கண்ணளவில் போட மாட்டாள். சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள், அது மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் நிலையான ஆர்டர் ஒன்று கிடைத்தால் வேலையை விட்டுவிடுவாள். கிடைக்காவிட்டால் மறுபடி மருந்துக் கடை. மூக்கி ஒருத்தியாக அந்த அறையை நடத்த முடியாது, கதவைச் சாத்த வேண்டியதுதான். இது இருவருக்கும் தெரியும்.

அந்த ஆர்டர் தரக்கூடிய ஒரே ஆள், எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்யும் ஸ்பா நடத்தும் அம்மாள். எல்லோருக்கும் அவர் மேடம். அவருடைய அறைகள் அனைத்திலும் மெழுகுவர்த்தி எரிய வேண்டும், அதுவும் சோயா மெழுகில். வருகிறவர்கள் செடியிலிருந்து வந்த மெழுகா என்று கேட்கிறார்களாம். பெட்ரோலியத்திலிருந்து வரும் பாரஃபினால்தான் தன் சுவரில் கரி படிந்தது என்று வேறு அவர் சொல்லிக்கொண்டிருந்தார். திரியைக் கத்தரிக்காமல் நீளமாக விட்டால் எந்த மெழுகும் கரி கக்கும் என்று அண்ணி பணிவாகச் சொல்லிப் பார்த்தாள். மேடம் கேட்ட மாதிரி தெரியவில்லை.

அதுவரை பாரஃபினில் செய்துகொண்டிருந்தவர்கள் சோயாவுக்கு மாறினார்கள். ஆரஞ்சும் தேவதாருவும் கலந்த வாசனையை மூக்கி தேர்ந்தெடுத்து, மாதிரி ஜாடி ஒன்றை மேடத்திடம் கொண்டுபோனாள். மூடியைத் திறந்ததும் மேடம் கண்ணை மூடிக்கொண்டார். காரியம் பழம் என்று மூக்கி நினைத்தாள். இரண்டே நாளில் ஜாடி திரும்பி வந்துவிட்டது.

"மூடியத் தொறந்தா கமகமன்னு இருக்கு. கொளுத்தி வச்சா ஒண்ணுமே இல்லையேம்மா. நான் ஏமாந்த மாதிரில்ல இருக்கு?" என்று மேடம் போனில் கேட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் மூக்கியை அதிகமாகச் சுட்டது.

மூக்கிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாசனை போதவில்லையென்றால் இன்னும் ஊற்றினால் போச்சு என்று அண்ணி இல்லாத நேரத்தில் வாசனை எண்ணெயை மனம்போனபடி சாய்த்தாள். மறுநாள் ஜாடியின் மேல்பரப்பில் வியர்த்த மாதிரி எண்ணெய் முத்துமுத்தாக நின்றது. கொளுத்தினால் திரி படபடவென்று துடித்து, சுடர் கூனிக் குறுகி, அணைந்தே போனது. மெழுகு தாங்கும் அளவுக்கு மேல் எண்ணெய் போனால் திரியைத்தான் அடைக்கும். அண்ணி திட்டவில்லை. அந்த ஜாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, இனிமேல் எண்ணெய்க் குப்பியைத் தொடுவதாக இருந்தால் தன்னிடம் சொல்லிவிட்டுத் தொடும்படி மட்டும் சொன்னாள். திட்டியிருந்தாலே தேவலை.

பிறகு இருவரும் மிச்சமிருந்த பழைய பாரஃபின் ஜாடி ஒன்றையும் புதிய சோயா ஜாடி ஒன்றையும் அருகருகே ஏற்றினார்கள். பாரஃபின் கொஞ்ச நேரத்தில் சுவரிலிருந்து சுவர்வரை உருகி, அறையை வாசனையால் நிறைத்துவிட்டது. சோயாவில் திரியைச் சுற்றிச் சின்னக் குழிதான் உருகியிருந்தது, விளிம்பெல்லாம் கல்லு மாதிரி கட்டியாக நின்றது. மூக்கி மூக்கை நீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணி அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெழுகு மாத்துனோம், திரிய மாத்தலையே நாம" என்றாள் அண்ணி.

அதுதான் கோளாறு. பாரஃபினுக்கு வாங்கிய அதே மெல்லிய திரியைச் சோயாவுக்கும் போட்டிருந்தார்கள். குளிர்ந்த ஜாடியைத் திறக்கும்போது எழுவது மேல்பரப்பிலிருந்து தானாகவே எழும்பும் வாசனை. ஆரஞ்சு போன்ற லேசான சரக்கு சூடே இல்லாமல் பறக்கும், மூடிக்குள் அடைந்து கிடந்து திறந்ததும் ஒரேயடியாக முகத்தில் அடிக்கும். எரியும்போது கதை வேறு. உருகி நிற்கும் மெழுகுக் குளத்திலிருந்துதான் வாசனை காற்றில் ஏற வேண்டும், அதையும் அறை முழுக்கப் பங்கு போட வேண்டும். குளம் சின்னதென்றால் வாசனையும் சின்னதுதான். போதாததற்குச் சோயா கஞ்சன், தன்னிடம் கலந்த எண்ணெயை இறுகப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும். ஊற்றிய சூட்டோடு ஏற்றினால் அதுவும் கிடையாது, இரண்டு வாரமாவது மூடி வைத்து ஊற விட வேண்டும். பாரஃபினுக்குச் சில நாள் போதும் என்ற பழைய பழக்கத்தில் இவர்கள் முதல் மாதிரியை அவசரமாக அனுப்பியிருந்தார்கள்.

மேடத்திடம் கெஞ்சி அவகாசம் வாங்கினார்கள். தடித்த திரிகளில் மூன்று வகை வாங்கி, எண்ணெயைச் சரியான அளவில் நிறுத்து, நிதானமாகக் கலக்கி ஊற்றி, அலமாரியில் மூடி வைத்தார்கள். அந்த இரண்டு வாரமும் மூக்கிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலமாரியைத் திறக்காதே என்று அண்ணி சொல்லியிருந்ததால் அதன் முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். விடுப்பு முடியும் தேதி நெருங்க நெருங்க அண்ணியும் அடிக்கடி நாட்காட்டியைப் பார்த்தாள்.

நாள் வந்தது. ஏற்றினார்கள். நடுத்தரத் திரி போட்ட ஜாடியில் குளம் அழகாக விளிம்புவரை பரவியது, கரி இல்லை, சுடர் ஆடவில்லை. அண்ணியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. மூக்கி மட்டும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து மோந்துகொண்டே இருந்தாள். முதலில் லேசாக வந்தது. பிறகு அதுவும் இல்லை. அண்ணியும் கூடவே இருந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ஊரிலேயே கெட்டிக்கார மூக்கு ஒன்றுமில்லை என்று சொல்லும்போது மருந்துக் கடைக்காரி என்ன சொல்வாள்?

அன்று சாயங்காலம் மூக்கி ஒரு காரியம் செய்தாள். நன்றாக எரிந்த அந்தப் பழைய பாரஃபின் வகையில் ஒரு ஜாடியை எடுத்து, சோயா என்று அச்சிட்ட சீட்டை அதன்மேல் ஒட்டினாள். பொய்தான், தெரியும். ஆனால் இந்த அறை மூடிக் கிடப்பதையும் அண்ணி மறுபடி மருந்துச் சீட்டுகளுக்குள் முகம் புதைப்பதையும் நினைத்தால் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. ஜாடியைப் பையின் அடியில் துணியில் சுற்றி வைத்தாள்.

மறுநாள், மேடத்துக்குச் சொல்லியிருந்த தேதியில், ஸ்பாவின் சிறிய அறை ஒன்றில் மூவரும் உட்கார்ந்தார்கள். கதவைச் சாத்திச் சோயா மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். மேடத்துக்கு நேரம் பொன். இருந்தும் பொறுமையாகக் காத்தார். குளம் முழுதாக உருகியது. ஆரம்பத்தில் தலையை ஆட்டியவர் நேரம் போகப் போகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா. உனக்கு?" என்று மேடம் அண்ணியைக் கேட்டார்.

அண்ணி உண்மையைத்தான் சொன்னாள், தனக்கும் தெரியவில்லை என்று. அதைச் சொல்லும்போது அவள் தரையைப் பார்த்தாள். மூக்கிக்கு அதைத் தாங்க முடியவில்லை. வேறொரு மாதிரியும் கொண்டுவந்திருக்கிறோம், செருப்பு விடும் இடத்தில் பையில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று எழுந்தாள். வேறு மாதிரியா என்று அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். மூக்கி கதவைச் சாத்திவிட்டு வெளியேறினாள்.

வாசலில் வண்டிப் புகையும் மழை ஈரமும் கலந்த காற்று. பைக்குள் கை விட்டவள் சட்டென்று எடுக்கவில்லை. படியில் உட்கார்ந்தாள். ஒரு பொய்யை விற்கும் தைரியம் வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் தெருவைப் பார்த்தபடி இருந்தாள். கடைசியில் ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய் அறைக் கதவைத் திறந்தாள்.

திறந்தவள் அப்படியே நின்றாள். ஆரஞ்சு. அதன் பின்னாலேயே தேவதாரு, சூட்டில் மட்டுமே எழும் அந்தக் கனமான மரவாசனை, முழுசாக. அறை நிறைய இருந்தது. இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறது. உள்ளேயே உட்கார்ந்திருந்த மூன்று மூக்குகளும் பழகி மரத்துப் போயிருக்கின்றன. அவள் மூக்கு எல்லாவற்றிலும் மோசம், நாள் முழுக்க அதே வாசனையில் ஊறிக் கிடப்பது அதுதானே.

அவள் கையிலிருந்த ஜாடியைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

"மேடம், கோச்சுக்காதீங்க. ஒரே ஒரு தடவை தெருவரைக்கும் போய், கொஞ்ச நேரம் வெளிக்காத்துல நின்னுட்டு வாங்க."

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இது என்ன கூத்து என்று முகத்தில் எழுதியிருந்தது. ஆனாலும் போனார். அண்ணியையும் மூக்கி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மூவரும் கொஞ்ச நேரம் தெருவோரம் நின்றார்கள். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் மேடம் வாசற்படியிலேயே நின்று, முதல் நாள் மாதிரியே கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுதாம்மா நான் கேட்டது" என்றார்.

உள்ளே படுத்திருப்பவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் வாசனை தெரியாமல் போய்விடுமே என்று அவர் கேட்டதற்கு, எந்த மெழுகானாலும் மூக்கு அப்படித்தான், வருகிறவருக்கு வாசலில் கிடைப்பதுதான் கணக்கு என்றாள் மூக்கி. பாரஃபின் அளவுக்கு வீரியமாக இது பரவாது என்பதையும் ஒளிக்கவில்லை. ஆள் வருவதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும், குளம் விளிம்பைத் தொடும்வரை அணைக்கக் கூடாது, ஒவ்வொரு முறையும் திரியைக் கத்தரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். மேடம் எல்லா அறைகளுக்கும் அனுப்பச் சொன்னார்.

தெருவுக்கு வந்ததும் அண்ணி நின்றாள். தலைப்புக்குள் என்ன என்று கேட்டாள். மூக்கி ஜாடியை எடுத்து நீட்டினாள், ஒட்டிய சீட்டோடு. அண்ணி மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள், சீட்டைப் படித்தாள், எல்லாம் புரிந்துவிட்டது.

"குடுத்திருப்பியா?"

"தெரியல அண்ணி. கதவத் தொறக்கற வரைக்கும் குடுக்கத்தான் போனேன்."

மூக்கிக்கு அழுகை வந்தது, அடக்கவும் இல்லை. அண்ணி நகத்தால் அந்தச் சீட்டைச் சுரண்டிப் பிய்த்து எடுத்தாள், முழுசாக வரும்வரை விடவில்லை. பிறகு போனை எடுத்து மருந்துக் கடை முதலாளியை அழைத்தாள். இனி வேலைக்கு வர முடியாது என்றும், நாத்தனாரைத் தனியாக விட்டால் சரிப்படாது என்றும் அவரிடம் சொன்னாள்.