இந்தப் பந்தி எதைப் பற்றியது?

கட்டுரையின் மூன்றாம் பந்திக்குப் பக்கத்தில் விரிவுரையாளர் ஸஹீத் சேர் சிவப்பு மையால் ஒரேயொரு கேள்வியைத்தான் எழுதியிருந்தார். 'இந்தப் பந்தி எதைப் பற்றியது?'

வேறு எங்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஒலுவில் பல்கலைக்கழக வளாக நூலகத்தின் யன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த றுஸ்னாவுக்கு முகம் சுட்டது. அந்தப் பந்தியைத்தான் அவள் மிகவும் விரும்பி எழுதியிருந்தாள். உம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்ததும் அந்தப் பந்திக்குத்தான்.

துறை வெளியிடும் மாணவர் மலரில் இரண்டாம் வருடத்தாருக்கு ஒரு கட்டுரைக்குத்தான் இடம் இருந்தது. எழுதிக் கொடுத்தவர்களில் இருவருடையதைத் திருத்தித் தரும்படி சேர் திருப்பிக் கொடுத்திருந்தார். ஒன்று சாய்ந்தமருதுக் கடலரிப்பையும் கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைத் தொழிலையும் பற்றி றுஸ்னா எழுதியது. மற்றது கல்முனைச் சந்தையில் மரக்கறி விற்கும் பெண்களைப் பற்றி ஜெனூபா எழுதியது. வியாழன் பின்னேரத்துக்குள் இரண்டையும் கொடுக்கவேண்டும். அதன்பிறகு ஒன்று மலருக்குப் போகும், மற்றது வீட்டுக்குப் போகும்.

ஜெனூபா கல்முனைக்காரி. காலையில் அவள் ஏறிவரும் அதே பஸ்ஸில்தான் றுஸ்னா சாய்ந்தமருதில் ஏறுவாள். முதல் வருடத்திலிருந்தே பழக்கம். ஆனாலும் சிவப்புக் கேள்வி விழுந்த தாளை அவளிடம் காட்ட றுஸ்னாவுக்கு மனம் வரவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்திருந்தவளின் முன்னால் ஜெனூபா தானாகவே வந்து கதிரையை இழுத்துப் போட்டாள்.

"சேர் என்ன எழுதியிரிக்கார் புள்ள?"

"ஒண்டுமில்ல. சின்னத் திருத்தம்தான்."

"சின்னத் திருத்தத்துக்கா இந்த முகம்? இஞ்ச தா."

றுஸ்னா தயங்கித்தான் கொடுத்தாள். ஜெனூபா பந்தியை மெதுவாக வாசித்தாள்.

'எமது ஊரின் கடற்கரை முன்பு அகலமாக இருந்தது. இப்போது கடல் உள்ளே வந்துவிட்டதால் கரைவலை இழுக்க இடமில்லை. மீனவர்களுக்கு நியாயமான விலையும் கிடைப்பதில்லை. ஐஸ் பெட்டியின் மூடியைத் திறக்க முன்னரே வியாபாரி விலையைச் சொல்லிவிடுகிறார். மீனை வைத்திருக்க ஐஸ் இல்லாதவர்கள் அந்த விலைக்கே கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இளைஞர்கள் பலர் வேலை தேடிக் கட்டாருக்குப் போய்விட்டார்கள். என் உடன்பிறந்த நானாவும் போனார். வலை இழுக்கும்போது அவர் இடுப்பில் கட்டும் வார் இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. கரைவலைக்கு இருபது பேராவது வேண்டும். ஆள் குறைந்தால் வலை கரைக்கு வராது.'

வாசித்து முடித்ததும் தாளை உள்ளங்கையால் மூடினாள்.

"இப்ப பாக்காம சொல்லு. இதுல நீ என்ன சொல்ல வாறாய்? ஒரே வசனத்தில சொல்லணும்."

"எங்கட கடற்கரை குறைஞ்சி போச்சு, அதோட மீனுக்கு விலையும் இல்ல, பொடியன்மாரும்..."

"அது ஒண்டில்ல புள்ள. மூண்டு."

றுஸ்னாவுக்குச் சுருக்கென்றது. போட்டிக்கு நிற்பவள் இப்படித்தானே சொல்வாள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பை விழுங்கிக்கொண்டு தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பந்தியின் தலையில் ஒரு புதிய வசனத்தை வேகமாக எழுதினாள். 'எமது ஊர் மீனவர்கள் பல பிரச்சினைகளை எதிர்நோக்குகின்றனர்.'

"இப்ப சரிதானே? மூண்டும் இதுக்குள்ள அடங்கும்."

ஜெனூபா சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"அடங்கும்தான். டீசல் விலையும் அடங்கும். புயலும் அடங்கும். எஞ்சின் பழுதானதும் அடங்கும். எதையும் உள்ளுக்கு விடுற வசனம் பந்திக்கு என்னத்துக்கு? தலைமை வசனம் எண்டா இதுக்குமேல வராத எண்டு சிலதை வாசல்லயே நிப்பாட்டணும்."

றுஸ்னா தான் எழுதிய புதிய வசனத்தைக் கோடு போட்டு வெட்டினாள்.

ஜெனூபா பென்சிலை எடுத்து ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் ஒரு சொல் எழுதச் சொன்னாள். அந்த வசனம் எதைச் சொல்கிறதோ அதைமட்டும். றுஸ்னா எழுதிக்கொண்டு போனாள். கரை, கரை. விலை, விலை, விலை. ஆள், ஆள், ஆள், ஆள், ஆள். எழுதி முடித்துப் பார்த்தபோது ஓரம் முழுக்க மூன்று சொற்களே வரிசை கட்டி நின்றன. தான் ஒரே மூச்சில் எழுதிய பந்தி எங்கெங்கே உடைகிறது என்பது அவளுடைய சொந்தக் கையெழுத்திலேயே தெரிந்தது. சொந்தக் கையெழுத்தோடு எப்படிக் கோபிப்பது?

"கட்டுரைட தலைப்பு என்ன?" என்று ஜெனூபா கேட்டாள்.

"கடலரிப்பும் கரைவலையும்."

"அப்ப கரை இந்தப் பந்தியில இரிக்கணும். ஆள் குறைஞ்சது?"

"அதுவும் கடலாலதான். வலை இழுக்க இடமில்லாமத்தான் நானாமார் போனாங்க."

"அப்ப அது கட்டுரைக்குள்ள வரும். ஆனா இந்தப் பந்திக்குள்ள இல்ல. அதுக்கு அடுத்த பந்தி. விலை?"

றுஸ்னா அந்த வசனங்களைப் பார்த்தாள். கடல் ஒரு அடிகூட உள்ளே வராமல் இருந்திருந்தாலும் வியாபாரி அந்த விலையைத்தான் சொல்லியிருப்பார். அதற்கும் கடலரிப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் மூடியைத் திறக்க முன்னரே விலை சொல்லும் அந்த வசனத்தை எழுத அவள் ஒரு பின்னேரம் முழுக்கச் செலவழித்திருந்தாள்.

"இது இந்தக் கட்டுரையிலயே நல்ல வசனம்," என்றாள் ஜெனூபா, அவள் நினைத்ததைக் கேட்டவள்போல. "நான் எழுதியிருந்தா எனக்கும் விட மனம் வராது. ஆனா இஞ்ச அதுக்கு வேலை இல்ல. எடுத்து வை. விலையைப் பத்தி எழுதக்குள்ள அது தன்ட பாட்டுக்கு வந்து நிக்கும்."

றுஸ்னா விலையைப் பற்றிய மூன்று வசனங்களையும் வெட்டினாள். 'ஆள்' என்று குறித்தவற்றை அடைப்புக்குள் போட்டுக் கீழே அம்புக்குறி கீறினாள். மூன்றாம் பந்தியில் மிஞ்சியது இரண்டே வசனம். அவள் தாளை ஜெனூபாவின் பக்கம் திருப்பினாள்.

"பாத்தியா? ஒண்டுமே மிச்சமில்ல."

"முந்தியும் இதுதான் இருந்திச்சி புள்ள. மத்ததெல்லாம் சேந்து நிண்டதால நிறைய இருந்த மாதிரித் தெரிஞ்சிச்சி. இடமில்ல எண்டு சொல்லியிரிக்காய். கடற்கரையைப் பாக்காத ஆளுக்கு அது எப்படி விளங்கும்? வலை இழுக்க என்னத்துக்கு அவ்வளவு இடம்? எனக்கே தெரியாது. நான் கடைக்காரன்ட மகள்."

அந்தக் கேள்விக்கு றுஸ்னாவுக்கும் சரியான பதில் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த காட்சிதான், ஆனால் சொல்லென்றால் வரவில்லை. நூலகத்துக்கு வெளியே போய் வாப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். கரைவலைக்காரரான வாப்பா அப்துல் ஸமட் கரையில்தான் நின்றார், காற்று இரைந்தது.

"இடம் ஏன் வேணுமெண்டா கேக்காய்? ரெண்டு கயிறு மகள். ரெண்டு பக்கமும் ரெண்டு கூட்டம் நிண்டு பின்னுக்கு நடந்து நடந்துதான் இழுக்கிற. இப்ப ரெண்டெட்டு வைக்கக்குள்ள முதுகு கடலைத் தடுக்கப் போட்ட கல்லில முட்டுது. முந்தி பக்கத்துப் பக்கத்தில மூணு வலை இழுப்பம். இப்ப ஒண்டு. மத்தவன் முறைக்குக் காத்துக்கொண்டு நிக்கணும். மீன் நிக்குமா?"

றுஸ்னா சுவரில் தாளை வைத்து எழுதிக்கொண்டாள். உள்ளே வந்து உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே, முதல் வசனத்தை எழுதினாள். அதற்குக் கீழே மற்றவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்தன.

'கடல் உள்ளே வந்ததால் கரைவலை இழுப்பதற்கான இடம் எமது ஊரில் சுருங்கிவிட்டது. வலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு கூட்டத்தார் எட்ட நின்று, பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். அதற்கு நீளமும் அகலமுமான மணற்பரப்பு வேண்டும். இப்போது இரண்டெட்டு வைத்ததும் அவர்களுடைய முதுகு தடுப்புக் கல்லில் முட்டுகிறது. முன்பு பக்கத்துப் பக்கத்தில் மூன்று வலைகள் இழுத்த இடத்தில் இன்று ஒரு வலைதான் இழுக்கலாம். மற்றவர்கள் முறைக்குக் காத்திருக்க, மீன்கூட்டம் போய்விடுகிறது.'

ஜெனூபா மறுபடியும் உள்ளங்கையால் தாளை மூடினாள். இந்தமுறை முதல் வசனத்தை மட்டும் மூடினாள். மற்றவற்றை வாசித்துவிட்டு, "வலை இழுக்க இடம் சுருங்கிப் போச்சு," என்றாள். கையை எடுத்துப் பார்த்தாள். "மூடினாலும் தெரியுது. இதுதான் புள்ள."

அடுத்த பந்திக்கான தலைமை வசனத்துக்கு இருவரும் அதிகநேரம் மெனக்கெட்டார்கள். 'இளைஞர்கள் வெளிநாடு செல்கிறார்கள்' என்று தொடங்கினால் முந்திய பந்தியிலிருந்து அறுந்து நின்றது. கடைசியில் றுஸ்னா எழுதியது இது. 'இடம் சுருங்கியதும், இழுக்கும் ஆட்களும் குறையத் தொடங்கினார்கள்.' அதன்கீழ், முறைக்குக் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் கட்டாருக்குப் போனது வந்தது. இருபது பேர் இல்லாவிட்டால் வலை கரைக்கு வராதென்பதும் வந்தது. நானா வந்தார். இடுப்பு வாரைப் பற்றிய வசனத்தின்மேல் றுஸ்னா பேனையை வைத்தபடி தயங்கினாள்.

"இதையும் வெட்டவா? சொந்தக் கதைதானே."

"ஏன் வெட்டுறாய்? ஆள் குறைஞ்சிது எண்டதுக்கு அதுதானே சாட்சி. முந்தி விலைக்கும் வலைக்கும் நடுவில கிடந்து அது ஆர்ட கண்ணிலயும் படல்ல. கடைசியா வை."

வைத்தாள். மறுபடியும் வாசித்துப் பார்த்தாள். ஒரு சொல்லும் மாறவில்லை. இடம்தான் மாறியிருந்தது.

ஜெனூபா எழும்பித் தன் புத்தகங்களை அடுக்கினாள். அப்போதுதான் றுஸ்னாவின் கண்ணில் அது பட்டது. ஜெனூபாவின் கட்டுரை அவளுடைய கோப்புக்குள் கிடந்தது. அதன் ஓரத்திலும் சிவப்பு மை. பின்னேரம் முழுவதும் அவள் அதைத் தொடவேயில்லை.

"உன்டத எப்ப திருத்தப் போறாய்?"

"ராவைக்குப் பாப்பம்."

"ஏன் புள்ள இப்படிச் செய்றாய்? ஒரு இடம்தானே இரிக்கி."

"அது எனக்குத் தெரியும்," என்றாள் ஜெனூபா. "உன்ட பந்தி அப்படிக் கிடக்கிறதப் பாத்துட்டு எனக்குப் போக ஏலாமப் போச்சு. நல்ல சாமான்கள். சும்மா குவிஞ்சு கிடந்திச்சி."

வியாழக்கிழமை இருவரும் கொடுத்தார்கள். அடுத்த கிழமை விரிவுரை முடிந்ததும் ஸஹீத் சேர் றுஸ்னாவின் கட்டுரை மலருக்குப் போகிறதென்று சொன்னார். மூன்றாம் நான்காம் பந்திகளை வகுப்புக்கு வாசித்தும் காட்டினார். றுஸ்னா திரும்பி ஜெனூபாவைத்தான் பார்த்தாள். ஒரு கணம் ஜெனூபாவின் முகம் வாடியது. அதை அவள் மறைக்கவுமில்லை. பிறகு இடுப்பு வாரைப் பற்றிய வசனம் வந்தபோது, கேட்டுக்கொண்டிருந்தவள் தலையை ஆட்டினாள், தனக்குப் பிடித்த பாட்டு வரும்போது ஆட்டுவதைப்போல.

இந்தப் பிள்ளை எந்த மண்ணால் செய்யப்பட்டவள் என்று றுஸ்னா நினைத்தாள். வாடியதும் உண்மை, தலையை ஆட்டியதும் உண்மை. இரண்டையும் ஒரே முகத்தில் வைத்திருக்க எல்லாருக்கும் வராது.

"சேர்," என்று எழும்பினாள் றுஸ்னா. "அந்தப் பந்தியை உடைச்சுக் காட்டினது ஜெனூபா."

சேர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியா? அப்ப மலருக்கு வாற மத்தக் கட்டுரைகளையும் அச்சுக்குப் போக முன்ன இவ ஒருக்காப் பாக்கட்டும். ஏலுமா ஜெனூபா?"

"ஏலும் சேர்," என்றாள் ஜெனூபா.

அன்று வீடு திரும்பும் பஸ் நிந்தவூரைத் தாண்டும்போது ஜெனூபா, திரும்பி வந்த தன் கட்டுரையை எடுத்து றுஸ்னாவின் மடியில் போட்டாள்.

"வாசி. அஞ்சாம் பந்தியில என்னவோ ஒண்டு பிழைச்சிருக்கு. எனக்குப் பிடிபடுதில்ல."

றுஸ்னா பைக்குள் கையை விட்டுப் பென்சிலைத் தேடினாள்.