நானூறு கிராம் சக்கரம்

சஃப்ரீனின் ஆய்வக ஜர்னலில் சிவப்பு மையில் இரண்டே சொற்கள் இருந்தன: திரும்பச் செய். மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் அதே இரண்டு புள்ளி நான்கு ஏழு வினாடி.

மும்பை மாட்டுங்காவில் இருக்கும் அந்தக் கல்லூரியில், பௌதிக ஆய்வகத்தின் ஜன்னலோரம் ஒரு கப்பி. அதன்மேல் ஒரு நூல், நூலின் ஒரு முனையில் இருநூற்றுப் பத்து கிராம், மறுமுனையில் நூற்றுத் தொண்ணூறு. கனமான பக்கம் ஒரு மீட்டர் இறங்கும் நேரத்தை அளந்து புவியீர்ப்பைக் கணக்கிட வேண்டும். 9.8 வர வேண்டும். அவளுக்கு 6.56 வந்தது.

மற்ற நாற்பது பேருக்கும் 9.8 வந்திருந்தது. போன வருடம் படித்த கௌசிக்கின் ஜர்னல் வகுப்பு முழுவதும் சுற்றியிருந்தது. கடைசி இலக்கத்தை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றி எழுதிக் கொடுத்து, ஆசிரியரின் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். அது ஆண்டுதோறும் நடப்பது. கௌசிக்கின் நேரம் இரண்டு புள்ளி பூஜ்யம் இரண்டு. இந்த ஜூனில் கப்பியின் சக்கரம் மாறியதை யாரும் யோசிக்கவில்லை. பழைய மெல்லிய அலுமினியச் சக்கரம் உடைந்துபோக, அந்த இடத்தில் கெட்டியான பித்தளைத் தட்டு வந்திருந்தது.

கையெழுத்தில்லாத ஜர்னலோடு செய்முறைத் தேர்வுக்குள் விடமாட்டார்கள். இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி.

ஆசிரியர் பத்ரிநாராயணன் மற்றவர்களிடம் இந்தியும் ஆங்கிலமும் பேசுவார். கண்டிக்கும்போது மட்டும் அவளிடம் தமிழ். ரீடிங்கைத் திருத்திக்கொண்டு வரச் சொன்னார். அவள் மாட்டேன், புதுச் சக்கரத்தின் கனம்தான் காரணம் என்றாள்.

"சக்கரம் கனமா இருந்தா என்னம்மா? ரெண்டு பக்கமும் ஒரே நூல். நூலோட இழுப்பு, டென்ஷன், எப்படி வேற ஆகும்?"

 சஃப்ரீன் தாராவியில் இருக்கும் தன் வாப்பா கலீலுல்லாவின் தோல்பட்டறையை நினைத்தாள். தையல் மெஷினின் கனத்த சக்கரம் வேகம் எடுக்கும்போது பெல்ட்டின் ஒரு பக்கம் விறைத்து நிற்கும், மறுபக்கம் தளர்ந்து தொங்கும். பெல்ட் ஒன்றுதான். நேற்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே இழுப்புன்னா, சக்கரம் எதுக்கு சார் வேகம் எடுக்கணும்? நிக்கிற சக்கரத்த சுத்த வைக்க ஒரு பக்கம் கூட இழுக்கணும்லா?"

அவர் உராய்வு என்றார். இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டு அரை கிராம் வைத்தாலே நகர்கிறது, உராய்வு அவ்வளவுதான், தனக்குக் குறைவது ஆறரை கிராம் இழுப்பு என்றாள்.

ஜர்னலைத் திருப்பிக் காட்டினாள். மூன்று வரிகள். இறங்கும் எடைக்கு ஒன்று: எடையிலிருந்து இந்தப் பக்க இழுவிசையைக் கழித்தால் நிறை பெருக்கல் முடுக்கம். ஏறும் எடைக்கு ஒன்று: அந்தப் பக்க இழுவிசையிலிருந்து எடையைக் கழித்தாலும் அப்படியே. மூன்றாவது வரிதான் கௌசிக்கிடம் இல்லாதது. நூல் வழுக்காததால் சக்கரத்தின் விளிம்பும் அதே முடுக்கத்தில் ஓடும். கெட்டித் தட்டு என்பதால், இரண்டு இழுவிசைகளின் வித்தியாசம் சக்கர நிறையில் பாதி பெருக்கல் முடுக்கம். மூன்றையும் கூட்டினால் இழுவிசைகள் ஒழிந்துபோகும். மிஞ்சுவது ஒன்றுதான்: எடைகளின் வித்தியாசம், இரு நிறைகளையும் அவற்றோடு சக்கரத்தில் பாதியையும் சேர்த்து நகர்த்துகிறது.

"சக்கரத்த நான் இன்னும் நிறுக்கல சார். புவியீர்ப்பு 9.8ன்னு வச்சா என் கணக்குப்படி முந்நூத்தி தொண்ணூத்தாறு கிராம். கழட்டி நிறுங்க. பத்து கிராம் தள்ளி இருந்தா நீங்க சொன்னத எழுதுதேன்."

"இல்லேன்னா?"

"இல்லன்னா இத மாத்த மாட்டேன். பரீட்சைக்கு விடலன்னாலும் சரி."

அவர் எழுந்து ஜன்னலோரக் கப்பியருகே போனார். கிங்ஸ் சர்க்கிள் பக்கமிருந்து பஸ்களின் சத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு ஆய்வக உதவியாளர் ஜம்புவை அழைத்தார். ஜம்பு அச்சிலிருந்து சக்கரத்தைக் கழற்றித் தராசில் வைத்தார். எண்கள் ஓடி நின்றன. 402.6.

 சஃப்ரீன் அந்த நிறையை மூன்றாவது வரியில் போட்டு, தான் அளந்த அதே முடுக்கத்தோடு கணக்கிட்டாள். 9.86.

பத்ரிநாராயணன் பேனாவைத் திறந்தார். இந்த விடை போதும், அந்த 6.56 பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு தாள் ஒட்டு, பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும் என்றார்.

"கிழிக்க மாட்டேன் சார். சக்கரத்த மறந்தா இதுதான் வரும். இதுவும் நான் அளந்ததுதான். ரெண்டு பக்கத்துலயும் கையெழுத்துப் போடுங்க."

மணி ஐந்தாகப் பத்து நிமிடம். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். ஜர்னல் இருவருக்கும் நடுவில் திறந்து கிடந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை, அந்த மூன்றாவது வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழவில்லை.

முதலில் 9.86க்குக் கீழே கையெழுத்திட்டார். பிறகு ஒரு பக்கம் பின்னால் புரட்டி, 6.56க்குக் கீழேயும் போட்டுத் தேதி எழுதினார்.

ஜம்பு அலுவலகத்துக்குக் கொண்டுபோக மேஜையில் இருந்த நாற்பது ஜர்னல்களையும் அடுக்கிக் கையில் எடுத்திருந்தார்.

"அதை இங்கேயே வை ஜம்பு," என்றார் பத்ரிநாராயணன். "சக்கரத்தை மாட்டு. நாளைக்கு அத்தனை பேரும் வந்து திரும்பச் செய்யணும்."