மஸ்ஜித் தானாவில் எடுத்த நூறு வெள்ளி

துணியைத் தொடுகிற விதத்திலேயே, இவள் வாங்க வந்தவளா, விலை கேட்டுப் பொழுது போக்க வந்தவளா என்று ரங்கசாமி சொல்லிவிடுவார். மலாக்கா முழுக்கப் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைகளில் முப்பது வருடம் துணி விற்ற கண் அது. பொய் சொல்கிற வாடிக்கையாளரை மூக்கு நுனியை வைத்தே பிடிப்பார். அப்படிப்பட்டவர்தான் இன்று பேங்கில், டோக்கன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன கேட்க வேண்டும் என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

அனுப்பி வைத்தவள் மகள் கலைமகள். பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வீட்டிலும் அதே வேலைதான் பார்க்கிறாள்.

"ஒவ்வொரு மாசமும் நீங்க நூறு வெள்ளி போடுறது, அவன் நூறு வெள்ளி எடுக்கிறது. மூணு வருஷமா மூஞ்சியைக் காட்டல, போன் பண்ணல. ஆனா காசுக்கு மட்டும் அப்பா வேணும். போய் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுற கணக்கா மாத்திடுங்கப்பா. அப்புறம் எப்படி எடுக்கிறான்னு பார்ப்போம்."

அவன் என்றால் திலீபன், ரங்கசாமியின் மகன். பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது இருவர் பேரிலும் திறந்த கணக்கு. யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதுமா, இருவரும் போட வேண்டுமா என்று அன்று பேங்கில் கேட்டார்கள். "ஒருத்தர் போதும்லா, இவனை எங்கே தேடிப் பிடிச்சுக் கையெழுத்து வாங்குறது?" என்று ரங்கசாமி சிரித்தார். ஆளுக்கொரு கார்டு கொடுத்தார்கள். மகனுடையது மகனோடு போனது. அப்பாவுடையது அலமாரியில் துணிக்கடியில் கிடந்தது.

பிறகு போனில் சூதாட்டம் வந்தது, கடன் வந்தது, கடன்காரன் வீட்டு வாசலுக்கே வந்தான். "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று ரங்கசாமி சொன்னார். பேரம் பேசிப் பழகிய வாய். முதல் விலையை உயர்த்திச் சொல்லிவிட்டு இறங்கி வரலாம் என்று நினைத்திருந்தார். பையன் பேரம் பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போன் எண்ணையும் மாற்றிவிட்டான்.

மிஞ்சியது அந்தக் கணக்கு மட்டும்தான். ரங்கசாமி மாதம் பிறந்ததும் நூறு வெள்ளி போடுவார். சில நாளில் போனில் பேங்க் ஆப்பைத் திறந்தால் தொகையும் இடமும் மட்டும் போட்டு ஒரு வரி வந்திருக்கும்: பத்து பெரண்டாம் மெஷினில் நூறு வெள்ளி எடுக்கப்பட்டது. அந்த வரிதான் மகன் எழுதும் கடிதம். உயிரோடு இருக்கிறான், சாப்பிடுகிறான், கை கால் நன்றாக இருக்கிறது. ஒருமுறை இரண்டு மாதம் அந்த வரி வரவில்லை. பத்து பெரண்டாமில் அவன் வேலை பார்த்த இடத்தில் போய்க் கேட்டார், நின்றுவிட்டான் என்றார்கள். அந்த இரண்டு மாதமும் ரங்கசாமிக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் மாதம் வந்துவிட்டது: மஸ்ஜித் தானா, நூறு வெள்ளி. "ஆள் இடம் மாறிட்டான், அவ்வளவுதான்" என்று மனைவி சுப்பம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அதிலிருந்து ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு மாதம் தவறவில்லை.

"அங்கிள், வாங்கோ. என்ன செய்யணும்?"

கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் உஷாந்தி என்று பேர் இருந்தது. யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளை என்று பேச்சே சொன்னது. ரங்கசாமி விஷயத்தைச் சொன்னார்.

"மாத்தலாம் அங்கிள். ஆனா மாத்துறதுக்கே ரெண்டு பேரும் நேர்ல வந்து கையெழுத்து வைக்கணும்."

"என்னம்மா இது? ஒருத்தர் கையெழுத்துக் கணக்குதானே? நான் நெனச்சா இப்பவே மொத்தக் காசையும் எடுத்துட்டுப் போகலாம்."

"எடுக்கலாம். காசை எடுக்க ஒருத்தர் போதும். விதியை மாத்த ஒருத்தர் போதாது."

"கொஞ்சம் பார்த்துப் பண்ணும்மா. வயசானவன் பஸ்ல வந்திருக்கேன்."

"இதுல தள்ளுபடி இல்லை அங்கிள்" என்று அவள் சிரித்தாள். "மாத்தினா இன்னொண்டும் இருக்கு. ரெண்டு கார்டும் செல்லாது. எங்கட பேங்க் ஆப்பில இந்தக் கணக்கே உங்களுக்குக் காட்டாது. எடுக்கிறதெண்டா ரெண்டு பேரும் சேர்ந்து கவுண்டருக்குத்தான் வரணும்."

"அப்போ அவன் எடுக்கிறது எனக்குத் தெரியாதா?"

"அவரால தனியா எடுக்க ஏலாது. உங்களுக்குப் போன்ல பார்க்கவும் ஏலாது."

ரங்கசாமி டோக்கன் சீட்டை மடித்தார். மகள் கதவைச் சாத்தச் சொல்லி அனுப்பினாள். அந்தக் கதவிலிருந்த ஒரே ஜன்னலும் சேர்ந்து மூடும் என்று அவளுக்கும் தெரியாது. "வேணாம்மா. இருக்கிறபடியே இருக்கட்டும்" என்றார். எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்தார்.

"அவன் விலாசம் எதுவும் மாத்திக் கொடுத்திருக்கானா?"

"அவரோட சொந்த விவரம் சொல்லக் கூடாது அங்கிள். கணக்கில நடந்தது உங்களுக்கும் சொந்தம், அதைச் சொல்லலாம்."

"அது போதும். எப்பவும் எத்தனை மணிக்கு எடுக்கிறான்னு பார்த்துச் சொல்லு. மஸ்ஜித் தானாவுல கடை கடையா ஏறி ரெண்டு தடவை தேடிட்டேன். ஒருத்தனுக்கும் தெரியல. நேரம் தெரிஞ்சா மெஷின் பக்கத்துலயே நின்னுக்குவேன். திட்டமாட்டேன்மா. சும்மா பார்க்கணும்."

உஷாந்தி திரையைப் பார்த்தாள். கீபோர்டில் ஓடிய விரல் நின்றது.

"உங்கட கார்டு எங்க அங்கிள் இருக்கு?"

"வீட்டு அலமாரியில. நான் தொட்டதே இல்ல."

"உங்களுக்குப் போன்ல தெரியிறது தொகையும் இடமும்தான். யார் எடுத்ததெண்டு அதில வராது. எங்களுக்கு எந்தக் கார்டெண்டு தெரியும். ரெண்டு கார்டுக்கும் வேற வேற நம்பர்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மஸ்ஜித் தானாவில எடுத்தது எல்லாம் உங்கட கார்டில. எல்லாம் மாசத்தில முதல் சனிக்கிழமை காலையில."

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் மஸ்ஜித் தானாவுக்கு யார் போகிறார்கள் என்று ரங்கசாமி யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சுப்பம்மாவின் தங்கை வீடு அங்கேதான் இருக்கிறது. கார்டின் ரகசிய எண் திலீபன் பிறந்த வருடம். அதை அவனைப் பெற்றவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

"அவனோட கார்டு?"

"கடைசியா பத்து பெரண்டாமில. போன வருஷம். அதுக்குப் பிறகு அந்தக் கார்டு பாவிக்கேல்லை."

தேதியை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். ரங்கசாமி வேண்டாம் என்று தலையாட்டினார். பஸ்ஸில் ஏறி இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தார்.

சுப்பம்மா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் நேரே போய் எதிரில் உட்கார்ந்தார்.

"பேங்க்ல எல்லாம் சொல்லிட்டாங்க புள்ள."

அவள் கீரையை விட்டுக் கையெடுக்கவில்லை. "கார்டு பத்தியா?"

"ஆமா."

"நீங்க சோறு திங்கல" என்றாள். "ரெண்டு மாசம் அந்தப் போனையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருந்தீங்க. கூப்பிட்டா காது கேக்கல. புள்ளையத்தான் காணோம், புருஷனையும் பறி கொடுக்கவா? ஒரு மாசத்துக்கு மட்டும்னு எடுத்தேன். அன்னைக்கு ராத்திரி ரெண்டாவது தடவை சோறு கேட்டீங்க. அப்புறம் எப்படி நிறுத்துறது?"

"மஸ்ஜித் தானாவுல நாய் மாதிரி அலைஞ்சேனே. தண்ணி போத்தல் கட்டிக் கொடுத்தியே, அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"வாய் வரைக்கும் வந்துச்சுங்க." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ரங்கசாமிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வழியெல்லாம் அதைத் தேடிக்கொண்டுதான் வந்தார், கிடைக்கவில்லை. "அந்தக் காசை என்னதான் பண்ணின?" என்று கேட்டார், வேறு கேட்கத் தெரியாமல்.

"ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறி எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சீங்க? நீங்க கொடுக்கிற காசுக்குக் கோழிக்காலுகூட வராது."

சிரிப்பு ஒன்று அவரை மீறி வெளியே வந்தது. பிள்ளைக்கென்று போட்ட காசை ஒரு வருடமாக எலும்பு உறிஞ்சித் தின்றிருக்கிறார். சிரிப்பு பாதியிலேயே வேறாக மாறிவிட்டது. சுப்பம்மா அவர் முதுகைத் தடவினாள்.

"இருங்க" என்றாள். "நான் எடுத்ததைச் சொன்னாங்க. அவன் எடுத்ததை என்ன சொன்னாங்க?"

ரங்கசாமி நிமிர்ந்து பார்த்தார்.

அவள் அந்தக் கணக்கில் பேர் இல்லாதவள். போனும் அவருடையது. அவர் வாசித்துச் சொன்னால்தான் அவளுக்குத் தெரியும். மாதாமாதம் அவள் கேட்பாள்: "இந்த மாசம் எத்தனை தடவை எடுத்திருக்கான்?" அவர் குஷியாகச் சொல்வார்: "ஒரே தடவைதான், பையன் சிக்கனமாயிட்டான்." அந்த ஒன்று தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு என்று ஒரு மாதமாவது சொல்லிவிட மாட்டாரா என்றுதான் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு மாதமும் அவர் சிரித்துச் சொன்ன ஒன்றுதான் அவளுக்கு விழுந்த அடி. அந்த முகத்தை எத்தனை முறை எதிரில் பார்த்திருப்பார்! முட்டிவலி என்று நினைத்துத் தைலம் வாங்கிக் கொடுத்தார். முப்பது வருடம் முகம் படித்த கண்.

"ஒண்ணும் இல்ல புள்ள" என்றார். "பத்து பெரண்டாமோட சரி."

சுப்பம்மா கீரையை முறத்தோடு தள்ளி வைத்தாள். "அப்போ போலீஸுக்குப் போகணும்" என்றாள். இதை அவள் எத்தனை மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தாள் என்பது சொன்ன வேகத்தில் தெரிந்தது.

காசு எடுக்கிறவனை யாரும் காணோம் என்று போலீஸில் எழுதிக் கொடுப்பதில்லை. அதனால்தான் இத்தனை நாள் போகவில்லை. மறுநாள் காலை இருவரும் போனார்கள். கலைமகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் காரில் கொண்டுபோய் விட்டாள். அவள் கண் சிவந்திருந்தது. மேசைக்குப் பின்னால் இளவயது மலாய்ப் போலீஸ்காரர், பக்கத்தில் வைத்திருந்த தே தாரேக் டீயை ஓரமாக நகர்த்திவிட்டு, மலாயில் மெதுவாகக் கேட்டார்: மகனைப் பற்றிக் கடைசியாகத் தெரிய வந்தது எப்போது?

"போன மாசம்" என்றார் ரங்கசாமி. ஒரு வருடமாகப் பழகிய நாக்கு.

"இல்லைங்க" என்றாள் சுப்பம்மா.

அவர் சட்டைப் பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்துக் கொடுத்தார். போலீஸ்காரர் தேதியைப் பார்த்தார், பிறகு இருவரையும் பார்த்தார். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று அவர் கேட்காதது பெரிய உதவி. அந்தக் கணக்கை மூடாதீர்கள், மகனுடைய கார்டில் எங்காவது எடுத்தால் பேங்க் மூலம் எங்களுக்கும் தெரிய வேண்டும் என்றார். ரங்கசாமி அலமாரிக் கார்டை எடுத்து மேசை மேல் வைத்தார். இனி இதில் யாரும் எடுக்க மாட்டார்கள், கணக்கில் ஏதாவது நகர்ந்தால் அது அவன்தான் என்று சொல்ல ஆரம்பித்து, அவனாகவோ வேறு யாராகவோ இருக்கலாம் என்பது நினைவுக்கு வர, நிறுத்திவிட்டார்.

போலீஸ்காரர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். சுப்பம்மா கணவர் பக்கம் சாய்ந்தாள்.

"அந்தத் தேதி என்ன கிழமைங்க?"

ரங்கசாமி போனில் பார்த்தார். "வியாழன்."

"அன்னைக்கு நாம என்ன செஞ்சோம்?"

அவர் யோசித்தார். அவளும் யோசித்தாள். இருவருக்கும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.