நாக்கில் தடவிய குங்குமம்

மலேசியாவின் குருண் நகரத் தொழிற்சாலையில் வேலை முடிந்து குணசுந்தரி வீடு வரும்போதெல்லாம், காலையில் அவள் சாத்திவிட்டுப் போன தன் அறைக்கதவு திறந்தே கிடந்தது. நாத்தனார் யாமினியின் வேலைதான் என்று முடிவு கட்டி, ஒருநாள் காலை கைப்பிடியிலும் பூட்டின் நாக்கிலும் குங்குமம் தடவிச் சாத்தினாள்.

மாலையிலும் கதவு திறந்திருந்தது. யாமினியின் கை சுத்தமாக இருந்தது.

"என் கைய ஏன் அண்ணி பாக்கறீங்க?"

"சும்மாதான்லா."

கைப்பிடிக் குங்குமம் கலையவில்லை. கதவு நிலையில் பூட்டின் நாக்கு விழும் துளையுள்ள தகட்டில் மட்டும், துளைக்குக் கீழே சிவப்புக் கறை. நாக்கு துளையில் விழவே இல்லை. மேல் கீலின் திருகுகள் தளர்ந்து கதவு தொங்கியிருந்தது. இறுக்கியதும் கதவு எழும்பி, நாக்கு டக்கென்று துளையில் விழுந்தது. தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. யாமினியைச் சந்தேகித்ததை நினைக்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை நாக்கு துளையில் விழும்படி சாத்திவிட்டுப் போனாள். மாலையில் கதவு திறந்திருந்தது. கீலைத் தொட்டுப் பார்த்தாள். திருகுகள் கெட்டியாகத்தான் இருந்தன.