எட்டு மாதக் குழந்தைக்குத் தேன்

மூத்தவனின் இருமலுக்கென்று சொல்லி வாங்கிய ஆடாதோடைக் கஷாயத்தில் தேனைக் குழைத்து, கடைத் திண்ணையிலேயே மனைவியின் மடியிலிருந்த எட்டு மாதக் குழந்தைக்குப் பருக்கப்போனான் தவசீலன். நாட்டு மருந்துக்கடைக்காரி மங்களேஸ்வரி பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். கோப்பை சிதறியது. அவன் அவளை ஓங்கி அறைந்தான்.

“மூத்தவனுக்கு நீதானேயடி தேனோடை குடுக்கச் சொன்னனீ!”

“அவனுக்கு நாலு வயசு. ஒரு வயசு முடியாததுக்குத் தேன் ஆகாது. காய்ச்சினாலும் அதிலை இருக்கிற கிருமி சாகாது!”

அவன் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நெரித்தான்.

“அப்ப தேனில்லாமல் தா!”

மூச்சுத் திணறியபோதும் அவள் கண்கள் குழந்தையின்மீதே இருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் விலாவின் கீழே குழி விழுந்தது.

“உந்த நெஞ்சைப் பார். உதுக்குக் கஷாயம் சரிவராது. ஆசுப்பத்திரிக்கு ஓடு!”

அவன் திரும்பிப் பார்த்தான், பிடி தளர்ந்தது. குழந்தையை வாரியெடுத்து ஓடினான். உதட்டில் வழிந்த இரத்தத்தோடு மங்களேஸ்வரி தெருவில் இறங்கி, வந்த ஓட்டோவைக் குறுக்கே நின்று மறித்தாள்.