சலசலப்பு அடங்குகிற வரைக்கும்

ஆவடி சிப்ஸ் கடையில் சாயங்காலக் கூட்டம் நெருக்கியது. சட்டி சீக்கிரம் நிறையட்டும் என்று முதலாளி ஜெகதீசன் சீவுகட்டையின் பிளேடைத் தூக்கிவிட்டார். வாழைக்காய் தடிதடியாய் விழுந்தது. தீயையும் முழுசாகத் திருகினார்.

வறுக்கிற ராஜம்மா தீயைக் குறைத்தாள்.

"நெறம் வந்துட்சி, அள்ளும்மா!"

"மேலதான் செவந்துகீது. எண்ண இன்னும் சலசலங்குது பாரு, உள்ள ஈரம் கீது."

"எனக்கே சொல்றியா? நாளைக்கு வராத!"

ஒரு கரண்டியை எடுத்துப் பாதியை அவரே அள்ளினார். ராஜம்மா அசையவில்லை. நுரை ஓய்ந்து, மிச்ச வில்லைகள் கரண்டியில் கலகலத்த பிறகே அள்ளினாள்.

ஆறியதும் வாங்க வந்த ஒருவர் முதலாளி அள்ளியதில் ஒன்றை வளைத்தார். "இன்னா அண்ணாத்தே, ரப்பராட்டம் கீது?"

ராஜம்மா தன் தட்டை நீட்டினாள். வில்லை கொஞ்சம் கருத்திருந்தாலும் 'படக்'கென்று உடைந்தது. கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

முதலாளி கரண்டியைக் கீழே வைத்தார். அவள் பிளேடை இறக்கி, அடுத்த காயை மெல்லிசாய்ச் சீவினாள்.

"நாளைக்கும் வருவேன், மொதலாளி. நீ அடுப்பாண்ட வராத."